பிள்ளை பெறாதவருக்குப் பால் சுரந்தால்

(மாவட்ட நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவரைப் பேசக் கூப்பிட்டால் சர்க்கரை நோய் பற்றிப் பேசுவார், இல்லையென்றால் மாரடைப்பு பற்றிப் பேசுவார் என்று நீங்கள் வந்திருக்கலாம். நான் இன்றைய பொருளைச் சொன்னதும் அமைப்பாளர் ஐயா அதை நோட்டீசில் எப்படி அச்சடிப்பது என்று தயங்கினார். கடைசியில் ‘பெண்களின் ஹார்மோன் கோளாறுகள்’ என்று போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. மாதவிலக்கு நின்றுபோனதையாவது பெண்கள் அம்மாவிடம் சொல்லிவிடுவார்கள். மார்பிலிருந்து பால் கசிகிறது என்பதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். கல்யாணமாகாத பெண் என்றால் சொல்லவே மாட்டாள். உள்ளாடையில் பட்ட கறையைத் தானே துவைத்துப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இருப்பாள். அதனால் நான் நேராகவே சொல்கிறேன்: கர்ப்பம் இல்லை, கைக்குழந்தை இல்லை, ஆனாலும் மார்பில் பால் வருகிறது, கூடவே மாதவிலக்கும் தள்ளிப் போகிறது அல்லது நின்றுவிட்டது. இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

இதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். 1930களின் தொடக்கத்தில் ஆஸ்கார் ரிடில் என்ற அமெரிக்க ஆய்வாளர் புறாக்களை வைத்து ஆராய்ந்து இதற்குப் பெயர் வைத்தார். புறா தன் குஞ்சுக்குக் கழுத்துப் பையிலிருந்து ஒருவிதப் பால் ஊட்டும். ஆண் புறாவும் ஊட்டும். அதைச் சுரக்க வைப்பது இந்த ஹார்மோன்தான். புறாவில் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தாலும், மனிதரில் இது தனி ஹார்மோன் என்று உறுதி செய்ய 1970 வாக்கில்தான் முடிந்தது. ஹென்றி ஃப்ரீசன் என்ற கனடா நாட்டு மருத்துவர் அதில் முக்கியமானவர். அதுவரை வளர்ச்சி ஹார்மோனே மனிதரில் பாலையும் சுரக்க வைக்கிறது என்று பலர் நினைத்திருந்தார்கள். என் ஆசிரியர்களின் ஆசிரியர்களுக்கு இந்த இரத்தப் பரிசோதனையே கிடையாது.

புரோலாக்டின் சுரப்பது பிட்யூட்டரி சுரப்பியில். மூக்கின் வேருக்கு நேர் பின்னால், மூளையின் அடிப்பக்கத்தில், எலும்புக் குழி ஒன்றுக்குள் ஒரு கொண்டைக்கடலை அளவில் இருக்கிறது அது. பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்களெல்லாம் மேலே மூளையிலிருந்து ‘சுர’ என்று ஆணை வந்தால் சுரக்கும். புரோலாக்டின் மட்டும் நேர்மாறு. அது தானாகவே சுரந்துகொண்டிருக்கும் சுபாவம் உள்ளது. மூளை அதை ‘போதும், போதும்’ என்று எப்போதும் பிடித்து வைத்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்து வைக்கும் மூக்கணாங்கயிறுதான் டோபமைன் என்ற வேதிப்பொருள். கயிறு தளர்ந்தால் மாடு தன்பாட்டுக்கு ஓடும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போகும் காரணங்கள் எல்லாம் ஏறக்குறைய தாமாகவே விளங்கிவிடும். ஏதோ ஒரு மருந்து டோபமைனைத் தடுத்திருக்கும், அல்லது மூளைக்கும் சுரப்பிக்கும் இடையிலுள்ள காம்பு அழுத்தப்பட்டு டோபமைன் கீழே இறங்காமல் போயிருக்கும், அல்லது புரோலாக்டின் செல்களே கட்டியாகப் பெருகிக் கயிற்றுக்கு அடங்காமல் போயிருக்கும்.

பால் வருவது புரிகிறது, மாதவிலக்கு ஏன் நிற்க வேண்டும்? கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் அடுத்த கர்ப்பம் உடனே வராமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. புரோலாக்டின் கூடினால், கருமுட்டையை முதிரச் செய்து வெளியேற்றும் ஆணைகள் மூளையிலிருந்து வருவது குறைந்துவிடும். முட்டை வெளிவராது. சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதும் குறையும். முதலில் மாதவிலக்கு 40 நாள், 50 நாள் என்று தள்ளும், பிறகு நின்றே போகும். கைக்குழந்தைக்காக இயற்கை செய்த ஏற்பாடு, குழந்தையே இல்லாத உடம்பில் நடக்கிறது. கோளாறு அவ்வளவுதான்.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் வந்த பல பேரின் கதையைச் சேர்த்து ஒருத்தியாக்கியிருக்கிறேன், ஆகவே யாரும் யாரையும் தேட வேண்டாம். வயது 26. தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கு வேலை. காலையில் 7 மணி பஸ். வெறும் வயிற்றில் ஒரு காபி, 11 மணிக்குக் கேன்டீன் வடை, மதியச் சாப்பாடு 3 மணிக்கு. வயிறு உப்புசம், புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல். இதற்கு என்ன செய்வோம்? தெருமுனை மெடிக்கலில் ‘கேஸ் மாத்திரை’ வாங்குவோம். அவளும் வாங்கினாள். நல்ல பலன். அதனால் தினமும் காலையில் ஒன்று என்று வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் மாதவிலக்கு தள்ளியது. டென்ஷன் என்று விட்டுவிட்டார்கள். அதற்கடுத்த மாதம் வரவேயில்லை. ஒரு மருத்துவர் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து, இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மாதவிலக்கை வரவழைக்கும் மாத்திரையைக் கொடுத்தார். வந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே மாத்திரை. இந்த முறை வரவில்லை. இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த மாத்திரை, கர்ப்பப்பையின் உள்சவ்வு ஈஸ்ட்ரோஜனால் ஓரளவு வளர்ந்திருந்தால்தான் வேலை செய்யும். இரண்டாம் முறை வரவில்லை என்றால், ஈஸ்ட்ரோஜன் நன்றாகக் குறைந்துவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம். மாதவிலக்கை வரவழைப்பது வேறு, ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது வேறு. நம் ஊரில் முதல் வேலை அடிக்கடி நடக்கிறது, இரண்டாவது அபூர்வமாக நடக்கிறது.

இதற்கிடையில் குளிக்கும்போது மார்பிலிருந்து வெள்ளையாக ஏதோ வருவதை அவள் பார்த்திருக்கிறாள். இரண்டு பக்கமும். யாரிடமும் சொல்லவில்லை. தினமும் ‘இன்னும் வருகிறதா’ என்று அழுத்திப் பார்த்திருக்கிறாள். அப்படி அழுத்துவதே புரோலாக்டினைக் கொஞ்சம் தூண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் ஆடை நனைந்து அம்மா பார்த்துவிட்டார். வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, “டாக்டரம்மா, எதையும் மறைக்காம சொல்லுங்க, எம்பொண்ணு தப்பு எதுவும் பண்ணலையே?” என்பதுதான். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு எதுவும் இல்லை, இது ஒரு சுரப்பியின் வேலை என்று சொன்னபிறகுதான் அந்த அம்மாவுக்கு மற்ற விவரங்கள் காதில் விழ ஆரம்பித்தன.

அவர்கள் கையில் ஒரு கோப்பு இருந்தது. இரத்தத்தில் புரோலாக்டின் 118. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது சாதாரணமாக ஒரு மில்லி லிட்டருக்கு 25 நானோகிராமுக்குள் இருக்கும். அதைப் பார்த்ததும் யாரோ எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதில் பிட்யூட்டரியில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு புள்ளி. அறிக்கையில் ‘கட்டியாக இருக்கலாம்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பிறகு குடும்பம் தூங்கவில்லை. மூளையில் கட்டி என்று உறவு முழுக்கச் செய்தி போய்விட்டது. பார்த்து வைத்திருந்த சம்பந்தம் நின்றுபோனது.

நான் கேட்டது ஒரே கேள்வி: “தினமும் என்ன மாத்திரை சாப்பிடுற?” “ஒண்ணும் இல்ல டாக்டர்.” இந்தப் பதிலை நான் நம்புவதில்லை. கேஸ் மாத்திரையை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. “வயித்துக்கு?” என்றேன். கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று ரேபிபிரசோல், அது அமிலத்தைக் குறைப்பது. அதனோடு சேர்ந்தது லெவோசல்பிரைடு, 75 மில்லிகிராம்.

இந்த லெவோசல்பிரைடு யார் என்று பாருங்கள். இதன் தாய் மருந்தான சல்பிரைடு மனநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து. டோபமைனைத் தடுப்பதுதான் அதன் வேலை. டோபமைன் தடைபட்டால் இரைப்பையின் அசைவு கூடும், உணவு சீக்கிரம் கீழே இறங்கும், உப்புசம் குறையும். அதனால் வயிற்று மாத்திரையிலும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் இரத்தத்தில் கலந்த மருந்து இரைப்பையோடு நிற்காது, பிட்யூட்டரிக்கும் போகிறது. அங்கேயும் டோபமைனைத் தடுக்கிறது. கயிறு தளர்ந்துவிடுகிறது. இதே வேலையைச் செய்யும் இன்னொரு மருந்து டோம்பெரிடோன். பான்டோபிரசோலோடு சேர்ந்து வரும் மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் ‘டி.எஸ்.ஆர்.’ என்று மூன்று எழுத்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் முதல் எழுத்து இந்த டோம்பெரிடோன். சாதாரணமாக மூளைக்குள் மருந்துகள் எளிதில் நுழைந்துவிடாதபடி ஒரு தடுப்பு உண்டு. டோம்பெரிடோன் அந்தத் தடுப்பைத் தாண்டுவது குறைவு. அதனால் மூளைக்கு ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை. ஆனால் பிட்யூட்டரி அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. மூன்றாவது மெட்டோகுளோபிரமைடு, வாந்தியை நிறுத்தக் கொடுப்பது.

டோம்பெரிடோன் பாலைச் சுரக்க வைக்கும் என்பது ரகசியம் அல்ல. பால் போதாத தாய்மார்களுக்குப் பால் கூட அதைக் கொடுப்பவர்கள் உண்டு. அந்தப் பயன்பாட்டுக்கு எதிராக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்தது. இதயத் துடிப்பைப் பாதிக்கும் அபாயம் இருப்பதால், ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதை வாந்தி, குமட்டலுக்கு மட்டும், வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேற்படாமல் கொடுக்கச் சொன்னது. நம்மவர்கள் அதை வருடக்கணக்கில் பல் துலக்கியதும் போட்டுக்கொள்கிறார்கள். அமிலத்தைக் குறைக்கும் மருந்து மட்டுமே தேவைப்படும் ஒருவருக்கு எதற்கு இந்த இரண்டாவது மருந்து என்று நான் கேட்கிறேன். பெரும்பாலான நேரம் யாரிடமும் பதில் இல்லை.

அவளிடம் அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். இத்தகைய மருந்துகளை மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி இரத்தம் பார்த்தாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். அவளுக்கு 118 இருந்தது 24க்கு இறங்கியது. பால் ஒரேயடியாக நிற்கவில்லை. சில வாரம் சொட்டுச் சொட்டாக வந்து பிறகு நின்றது. ஆறாவது வாரம் மாதவிலக்கு வந்தது, எந்த மாத்திரையும் இல்லாமல். அந்த 4 மில்லிமீட்டர் புள்ளி? அது இன்னமும் இருக்கலாம். நோய் எதுவுமில்லாத பத்துப் பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏறக்குறைய ஒருவரது பிட்யூட்டரியில் இப்படி ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதற்கும் அவள் பாலுக்கும் தொடர்பு இல்லை. முதலில் மாத்திரையைக் கேட்டிருந்தால் ஸ்கேனுக்குச் செலவழித்த பணம் மிஞ்சியிருக்கும், சம்பந்தமும் நின்றிருக்காது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்ற மருந்துகளும் இதே வழியில் புரோலாக்டினை ஏற்றும், சில நேரம் 200க்கும் மேலே கொண்டுபோகும். என் பேச்சைக் கேட்டுவிட்டு அவற்றை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாதவிலக்கு நிற்பதைவிட நோய் திரும்புவது பல மடங்கு ஆபத்து. மனநல மருத்துவரிடம் சொன்னால் அவர் அளவைக் குறைப்பார், அல்லது புரோலாக்டினை ஏற்றாத அரிப்பிபிரசோல் போன்ற ஒன்றுக்கு மாற்றுவார். அந்த முடிவு அவருடையது.

மருந்து இல்லை என்றால் அடுத்து என்ன? கர்ப்பத்தை முதலில் விலக்க வேண்டும், எத்தனை முறை ‘இல்லை’ என்று சொன்னாலும். கர்ப்பத்தில் புரோலாக்டின் பல மடங்கு ஏறுவது இயல்பு. அடுத்தது தைராய்டு. தைராய்டு குறைந்தால் அதை முடுக்கிவிட மூளை அனுப்பும் ஆணை, பக்கத்திலிருக்கும் புரோலாக்டின் செல்களையும் சேர்த்துத் தூண்டிவிடும். நீண்ட நாள் கவனிக்காத தைராய்டுக் குறைவில் பிட்யூட்டரியே வீங்கி, ஸ்கேனில் கட்டி போலவே தெரிவதுண்டு. அந்த வீக்கம் தைராக்சின் மாத்திரையிலேயே வற்றிவிடும். டி.எஸ்.எச். பார்க்காமல் அதை அறுவைக்கு அனுப்புவதைப் போன்ற அநியாயம் வேறில்லை. சிறுநீரகச் செயலிழப்பிலும் புரோலாக்டின் ஏறும். மார்பில் பட்ட தீக்காயம், அக்கி போன்றவையும் ஏற்றும், ஆனால் அவை கண்ணுக்கே தெரியும்.

இரத்தம் எடுப்பதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. தூக்கத்தில் புரோலாக்டின் கூடும். எழுந்த கையோடு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினால் பொய்யாக ஏறித் தெரியும். எழுந்து ஒன்றிரண்டு மணி நேரமாவது ஆகட்டும். மாடிப்படி ஏறிய மூச்சோடு கையை நீட்டாமல் சற்று உட்காருங்கள். ஊசியைப் பார்த்துப் பயந்தாலும், இரத்தக் குழாய் கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினாலும் கொஞ்சம் ஏறும். 35, 40 என்று வந்தால் பதறாமல் இன்னொரு நாள் மறுபடி பாருங்கள். அறிக்கையில் அளவு எந்த அலகில் இருக்கிறது என்றும் பாருங்கள். சில கூடங்கள் வேறு அலகில் கொடுக்கும், அந்தக் கணக்கில் 25 என்பது 500க்கு மேல் வரும். ‘எனக்கு 480’ என்று அழுதுகொண்டு வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பியிருக்கிறேன்.

இன்னும் ஒரு விசித்திரம். மாதவிலக்கு சரியாக வருகிறது, பாலும் இல்லை, வேறு எதற்கோ பார்த்த இரத்தத்தில் புரோலாக்டின் மட்டும் 70, 80. இவர்களில் சிலருக்குப் புரோலாக்டின், இரத்தத்தின் எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பெரிய மூலக்கூறாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இதற்கு மேக்ரோபுரோலாக்டின் என்று பெயர். கருவி அதை எண்ணிவிடும், ஆனால் உடம்பில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆய்வகத்தில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து அதைப் படியவைத்துவிட்டு மீதியை அளந்தால் உண்மை தெரியும். இவர்களுக்கு மருந்து வேண்டாம்.

இவை அனைத்தையும் தாண்டிய பிறகு வருவதுதான் உண்மையான கட்டி. புரோலாக்டினோமா என்று பெயர். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது புற்றுநோய் இல்லை. மிக மிக அபூர்வமான விதிவிலக்குகள் தவிர இது பரவுவதும் இல்லை. 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறிய கட்டி, மேலே இருந்தால் பெரிய கட்டி. பெண்களுக்கு வருவது பெரும்பாலும் சிறியது. மாதவிலக்கு நிற்பது அவர்களைச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். ஆண்களுக்கும் இது வரும். ஆண்மைக் குறைவை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, பெரிய கட்டியோடுதான் வருவார்கள். கூச்சம் நம் பெண்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள்.

புரோலாக்டினோமாவில் புரோலாக்டின் அளவும் கட்டியின் அளவும் பெரும்பாலும் சேர்ந்து ஏறும். 250ஐத் தாண்டினால் பெரிய கட்டி இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேனில் 20 மில்லிமீட்டருக்குக் கட்டி, ஆனால் புரோலாக்டின் 60தான் என்றால் கணக்கு உதைக்கிறது. இரண்டு விளக்கம் உண்டு. அது வேறு வகைக் கட்டியாக இருந்து, காம்பை அழுத்தி டோபமைனைக் கீழே வரவிடாமல் செய்திருக்கலாம். அல்லது புரோலாக்டின் அளவுக்கு மீறி இருப்பதால் பரிசோதனைக் கருவியே திணறிக் குறைவாகக் காட்டியிருக்கலாம். இரத்தத்தை நூறு மடங்கு நீர்க்க வைத்து மறுபடி பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். முதலாவதற்கு அறுவை தேவைப்படலாம், இரண்டாவதற்கு மாத்திரை. அதனால்தான் இந்த நீர்த்தல் பரிசோதனையைக் கேட்காமல் யாரும் அறுவைக்கு நாள் குறிக்கக் கூடாது.

பெரிய கட்டியின் ஆபத்து கண்ணில் தெரியும். பிட்யூட்டரிக்கு நேர் மேலே இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கிட்டுக் கடக்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்து அதை அழுத்தினால் நேரே பார்ப்பது நன்றாக இருக்கும், இரண்டு பக்கவாட்டும் மறைந்துவிடும். நோயாளி ‘பார்வை மங்குகிறது’ என்று சொல்ல மாட்டார். நிலைக்கதவில் தோள் இடிக்கிறது, ரோட்டில் பக்கத்தில் வரும் வண்டி தெரியவில்லை என்றுதான் சொல்வார். தலைவலியோடு இப்படி இருந்தால் அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள். அதே வாரம் பாருங்கள்.

சிகிச்சை என்ன? இங்கேதான் இந்தக் கட்டி மற்ற மூளைக் கட்டிகளிலிருந்து பிரிகிறது. பெரும்பாலானோருக்குக் கத்தி தேவையில்லை. டோபமைன் செய்யும் வேலையைச் செய்யும் மாத்திரை போதும். முதலில் வந்தது புரோமோகிரிப்டின். கோதுமை இனப் பயிர்க் கதிர்களில் வரும் எர்காட் என்ற பூஞ்சையின் ரசாயனத்திலிருந்து வந்த மருந்து அது. தினமும் சாப்பிட வேண்டும், குமட்டும். இப்போது அதிகம் கொடுப்பது கேபர்கோலின். இதன் விசேஷம், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். வழக்கமாக 0.25 மில்லிகிராம் வாரம் இரண்டு முறை, அல்லது அரை மில்லிகிராம் ஒரு முறை என்று ஆரம்பிப்போம். செவ்வாயும் சனியும் என்று காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளச் சொல்வேன். தினசரி மாத்திரை என்று நினைத்து ஏழு நாளும் போட்டுக்கொண்டு தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு.

இரவில், சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும்போது சாப்பிட வேண்டும். காரணம், முதல் சில வாரம் குமட்டலும், படுத்து எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலும் வரலாம். காலையில் சட்டென்று எழாமல் கட்டிலில் சற்று உட்கார்ந்து எழுந்தால் போதும். இன்னொரு பக்கவிளைவை மருத்துவர்களே சொல்ல மறந்துவிடுகிறோம். சிலருக்கு அடக்க முடியாத உந்துதல்கள் வரும். ஆன்லைனில் கணக்கில்லாமல் சாமான் வாங்குவது, சூதாட்டம், அளவுமீறிய காம உணர்வு. இது நோயாளியின் குணக்கேடு அல்ல, மருந்தின் வேலை. வீட்டில் யாராவது கவனித்துச் சொல்ல வேண்டும், மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிவரும். இதய வால்வு கெட்டுப்போகும் என்று இணையத்தில் படித்துவிட்டு வருபவர்கள் அதிகம். அது பார்க்கின்சன் நோய்க்கு இந்த மருந்தைத் தினமும் பல மில்லிகிராம் கொடுத்தபோது கண்டது. நாம் கொடுக்கும் வார அளவில் அந்த அபாயம் மிகக் குறைவு. அளவு கூட்ட வேண்டியவர்களுக்கு மட்டும் அவ்வப்போது எக்கோ எடுத்துப் பார்ப்போம்.

மருந்து ஆரம்பித்த சில வாரங்களில் புரோலாக்டின் இறங்கும், பால் நிற்கும், மாதவிலக்கு திரும்பும். கட்டியும் சுருங்கும். பார்வையை அழுத்திக்கொண்டிருந்த பெரிய கட்டிகூடச் சில நாளிலேயே விலகி, பக்கவாட்டுப் பார்வை திரும்ப வருவதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறைந்தது இரண்டு வருடம். அதற்குள் அளவு சரியாக நின்று, எம்.ஆர்.ஐ.யில் கட்டியும் மறைந்திருந்தால், மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்ப்போம். பாதிப் பேருக்கும் மேல் புரோலாக்டின் மறுபடி ஏறும், அவர்கள் தொடர வேண்டும். மருந்துக்கு மசியாத கட்டி, மருந்தைத் தாங்க முடியாத நோயாளி, திடீரென்று கட்டிக்குள் இரத்தம் கசிந்து பார்வை போவது, இவற்றுக்குத்தான் மூக்கு வழியாகச் செய்யும் அறுவை.

புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஒரு தகவல். மருந்து ஆரம்பித்த பிறகு முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும். ‘இன்னும் மாதவிலக்கே வரவில்லையே’ என்று நினைத்திருப்பவர் கர்ப்பமாகிவிடலாம். இப்போது குழந்தை வேண்டாம் என்றால் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு வேண்டும். குழந்தை வேண்டும் என்று காத்திருந்தவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. வேறு தடை இல்லையென்றால், செலவு பிடிக்கும் சோதனைக் குழாய்ச் சிகிச்சை எதுவும் இல்லாமல் இந்த மாத்திரையிலேயே கருத்தரிக்கிறார்கள். கர்ப்பம் உறுதியானதும் சிறிய கட்டி உள்ளவர்களுக்கு மருந்தை நிறுத்திவிடுவோம். கர்ப்பத்தில் அது வளர்வது நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான். பெரிய கட்டியில் அந்த வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் நெருங்கிக் கண்காணிப்போம், தேவைப்பட்டால் மருந்தைத் தொடர்வோம். கர்ப்பத்தில் புரோலாக்டின் எப்படியும் ஏறும் என்பதால் அதை அளப்பதில் பயனில்லை. தலைவலியையும் பார்வையையும்தான் கேட்போம். பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் கொடுக்கலாம். அதனால் கட்டி வளராது.

எல்லாருக்கும் சிகிச்சை வேண்டுமா? வேண்டாம். சிறிய கட்டி, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது, பால் தொந்தரவாக இல்லை என்றால் வருடா வருடம் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம். ஆனால் மாதவிலக்கு வருடக்கணக்கில் நின்றிருக்க, ‘தொல்லை விட்டது’ என்று இருப்பது கூடாது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு தேய்கிறது. முப்பது வயதில் அறுபது வயதுக்காரியின் எலும்போடு வருபவர்கள் இந்த வழியில் வருகிறார்கள்.

மார்பிலிருந்து வருவது எல்லாம் பால் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால் என்றால் வெள்ளையாக, பெரும்பாலும் இரண்டு பக்கமும், பல துளைகளிலிருந்து வரும். ஒரே பக்கம், ஒரே துளையிலிருந்து, தானாக, இரத்தமாகவோ தண்ணீர் போலவோ வந்தால், அல்லது கட்டி கையில் தட்டுப்பட்டால், அது என்னிடம் வர வேண்டியதல்ல. மார்பக அறுவை நிபுணரிடம் நேரே போக வேண்டும், புரோலாக்டின் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. தாய்ப்பால் நிறுத்திய பிறகு பல மாதங்கள், ஒரு வருடம் வரைகூட, அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு வருவது இயல்பு. மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

என் கோரிக்கை ஒன்றுதான். மருத்துவரிடம் வரும்போது பழைய ஸ்கேன், பழைய கோப்பு எல்லாம் கொண்டுவருகிறீர்கள், சரி. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். வயிற்றுக்கு, வாந்திக்கு, தூக்கத்துக்கு, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, எல்லாம். மருந்துக் கடை வைத்திருப்பவர்கள் இந்த அவையில் யாராவது இருந்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: நெஞ்செரிச்சல் என்று கேட்டு வருகிற பெண்ணுக்குச் சீட்டில்லாமல் லெவோசல்பிரைடு கலந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள்.